மூன்றடி ரீசார்ஜ் மூலை

நெம்மேலி பஸ் ஸ்டாப்பில் இறங்கிப் பார்த்தால் பூங்கொடியின் மளிகைக் கடையில் முதலில் கண்ணில் படுவது பூங்கொடி அல்ல, அவள் புருஷன் ஜெகதீசன்தான். கடையின் வலது ஓரத்தில், ரோட்டைப் பார்த்த மாதிரி, மூன்றடி அகலத்தில் ஒரு கண்ணாடி மேஜை. அதன் மேல் இரண்டு போன், ஒரு குட்டி ஃபேன், பணம் வந்தால் சத்தம் போட்டுச் சொல்லும் பெட்டி ஒன்று. மேஜைக்குப் பின்னால் குஷன் வைத்த நாற்காலி. அந்த நாற்காலியில் ஜெகதீசன். ‘இங்கு ரீசார்ஜ், கரண்டு பில், டிஷ், கேஸ் அனைத்தும் கட்டப்படும்’ என்று அவனுக்கு மேலே போர்டு தொங்கும்.

மறைமலைநகரில் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்ஸை வருஷக்கணக்கில் ஓட்டியவன் அவன். முதுகுத் தண்டில் ஏதோ பிசகிக்கொண்டது. ஸ்டீயரிங்கை விட்டுவிடு என்றார் டாக்டர். ஜெகதீசன் அதோடு சேர்த்து மூட்டை தூக்குவது, பருப்பு நிறுப்பது, முட்டை அட்டை இறக்குவது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரீசார்ஜ் மூலையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

மற்றதெல்லாம் பூங்கொடி பார்த்துக்கொண்டாள். விடியும் முன்னே பால் பாக்கெட் வாங்கி வைப்பாள். எந்த வீட்டுக்கு எந்த டீத்தூள் என்பது அவளுக்கு மனப்பாடம். கடன் கேட்க வருகிறவனை வாசலிலேயே முகம் பார்த்துக் கண்டுபிடித்து, அவன் வாயைத் திறப்பதற்குள் “அரிசி வெலை ஏறிப்போச்சுண்ணா, நானே தள்ளாடிகினு கீறேன்” என்று ஆரம்பித்துவிடுவாள். நல்ல மனநிலையில் இருந்தால் புருஷனை ‘இன்னாங்க’ என்பாள். இல்லாவிட்டால் ‘யோவ்’.

குளிர்பானக் கம்பெனி ஆள் பிரவின்குமார் வந்த அன்றைக்குக் காலையில் அவள் ‘இன்னாங்க’வில்தான் இருந்தாள்.

“அக்கா, கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜு ஒண்ணு தரேன். டெபாசிட் கொஞ்சம்தான். உள்ள லைட்டு எரியும். மகாபலிபுரம் போற காரெல்லாம் தானா நிக்கும் பாருங்க” என்றான் பிரவின்குமார். “ஒரே ஒரு கண்டிசன். எங்க சரக்கு மட்டும்தான் வெக்கணும். அதுவும் முன்னாடி, ரோட்டுல இருந்து தெரியற மாதிரி.”

பூங்கொடி கடையைச் சுற்றிப் பார்த்தாள். பின்னால் பால் வைக்கிற பழைய ஃபிரிட்ஜ் இருக்கிறது. அதற்குள் கூல் டிரிங்க்ஸ் இருப்பது கடைக்கு வருகிறவர்களுக்கே தெரியாது, காரில் போகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? முன்னால் இடது பக்கம் காய்கறிக் கூடை. நடுவில் கல்லா. வலது பக்கம் ஜெகதீசன்.

பிரவின்குமாரும் அந்தப் பக்கமே பார்த்தான். அவன் கையில் டேப் இருந்தது. ஜெகதீசனின் மேஜையை அளந்தே விட்டான்.

“கரெக்டா உக்காருது அக்கா.”

“இன்னா உக்காருது? நான் உக்காந்துகினு கீறது கண்ணுக்குத் தெரியலையா?” என்றான் ஜெகதீசன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே சண்டை தொடங்கியது. ஜெகதீசன் போனில் ரீசார்ஜ் ஆப்பைத் திறந்து போன மாசக் கமிஷனைக் காட்டினான். நாலாயிரத்துச் சொச்சம்.

“பாத்தியா? ஒரு மூட்டை தூக்கல, ஒரு பொருள் அழுவல, எலி கடிக்கல. சும்மா உக்காந்துகினே நாலாயிரம்.”

“அதுல ஒன்னோட டீ, வட எவ்ளோ? ‘நாளைக்குத் தரேன் மச்சான்’னு போனவனுங்க எவ்ளோ? ஒரு ரீசார்ஜுக்கு இன்னா நிக்குது, அத சொல்லு மொதல்ல.”

நூறு ரூபாய்க்கு இரண்டரை, மிஞ்சினால் மூன்று. முந்நூறு ரூபாய் பிளான் போட்டால் ஏழு எட்டு ரூபாய். கரண்டு பில்லில் அதுவும் கிடையாது. எவ்வளவு பெரிய பில்லாக இருந்தாலும் கம்பெனி ஒன்றோ இரண்டோ ரூபாய்தான் தரும். அதனால் ஜெகதீசன் பில்லுக்கு மேலே பத்து ரூபாய் வாங்கிக்கொள்வான். போனிலேயே கட்டத் தெரிந்தவன் எதற்கு அந்தப் பத்து ரூபாயைத் தரப்போகிறான்? கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறவர்கள், ஐ.டி. பசங்கள் எல்லாரும் எப்போதோ அவரவர் கைக்குள்ளேயே கட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். மிச்சம் வருகிறவர்கள் பட்டன் போன் பெரியவர்கள், ரிசார்ட்டில் ரூம் கூட்டும் பெண்கள், கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்து சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்குகிறவர்கள். இதில் இன்னொன்றும் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரிடம் முன்பணம் கட்டி வாலட்டில் பேலன்ஸ் ஏற்றி வைத்தால்தான் ஒரு ரீசார்ஜாவது போகும். அந்தப் பணம் எப்போதும் போனுக்குள்ளேயே படுத்திருக்கும். அந்தப் பணத்துக்கு எண்ணெய் டின் இறக்கியிருக்கலாமே என்று பூங்கொடிக்குத் தோன்றாத நாளில்லை.

“நீ கமிஷன மட்டும் பாக்கற. ரீசார்ஜுக்கு வர்றவன் சும்மா போவானா? சோப்பு வாங்குவான், பீடி வாங்குவான். அந்த வியாபாரம் யாரால? என்னால” என்றான் ஜெகதீசன்.

“வாங்கறானா? சரி, நானும் பாக்கறேன். இந்த வாரம் பூரா ஒன்னாண்ட வர்றவன் எங்கிட்ட இன்னா வாங்கறான்னு பாக்கறேன். வாங்கினா நீ இரு. வாங்கலன்னா ஃபிரிட்ஜு வரும்.”

மறுநாளிலிருந்தே ஆச்சரியம் தொடங்கியது. ரீசார்ஜ் செய்தவர்கள் ஒருவர் விடாமல் கல்லாப் பக்கம் திரும்பி எதையாவது வாங்கினார்கள். ஒடிசாக்காரத் தம்பிகள் நாலு பேர் வரிசையாக நின்று ஆளுக்கொரு ஊதுபத்தி வாங்கினார்கள். ரிசார்ட் வாட்ச்மேன் ஒரு பாக்கெட் கோலமாவு வாங்கினார். பூங்கொடிக்குச் சந்தோஷப்படுவதா சந்தேகப்படுவதா என்று தெரியவில்லை. ஜெகதீசன் நாற்காலியில் சாய்ந்து, வானத்தைப் பார்த்தபடி காலாட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் ஆட்டோ ஓட்டுகிற சீனு வந்தான். ரீசார்ஜ் போட்டுக்கொண்டு, பேபி சோப் ஒன்று வேண்டும் என்றான்.

பூங்கொடி சோப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். “ஒனக்கு இன்னும் கண்ணாலமே ஆவலையேடா. பேபி சோப்பு எதுக்கு?”

சீனு ஜெகதீசனைப் பார்த்தான். ஜெகதீசன் வானத்தைப் பார்த்தான்.

“அண்ணாத்ததான் காசு குடுத்து எதுனா வாங்க சொன்னாரு, அண்ணி. கையில இன்னா வருதோ அத வாங்குன்னாரு. முன்னாடி அதான் இருந்துச்சு.”

“யோவ்!” என்றாள் பூங்கொடி. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கமிஷனில் வந்த காசை எடுத்துத் தன் கடையிலேயே தன் பெண்டாட்டியிடம் ஆள் வைத்துச் சாமான் வாங்கியிருக்கிறான் மனுஷன். வாட்ச்மேனின் கோலமாவு வரைக்கும் அன்றைக்கே வெளியே வந்தது. அவர் தனிக்கட்டை, அதைச் சுண்ணாம்புப் பொடி என்று நினைத்து ரூம் சுவரில் பூசிப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் ஜெகதீசன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, முதுகு வலிக்கிறது, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டான். “நீயே உக்காந்து பாரு. அப்பதான் தெரியும் அந்த மூலையோட அருமை” என்று இரண்டு போனையும் அவள் கையில் திணித்துவிட்டுப் போனான்.

பூங்கொடி உட்கார்ந்தாள். நாற்காலி சுகமாகத்தான் இருந்தது. காற்று ரோட்டுப் பக்கமிருந்து வீசியது. ஆள் ஏன் எழுந்திருக்கவே மாட்டான் என்பது அவளுக்கு உடனே புரிந்தது.

முதலில் வந்தது ரிசார்ட்டில் வேலை செய்யும் வேண்டா என்கிற பெண். “அக்கா, சீக்கிரம் போடு, பஸ்ஸு வந்துகினு கீது” என்று நம்பரை மூச்சுவிடாமல் சொன்னாள். நடுவில் வந்த ‘டபுள் த்ரீ ஃபோர்’ பூங்கொடியின் காதில் ‘டபுள் ஃபோர் த்ரீ’ என்று விழுந்தது. அவளும் பட்டென்று அழுத்தினாள். ரீசார்ஜ் வெற்றி என்று பச்சையாக வந்தது. வேண்டாவின் போனுக்கு எதுவும் வரவில்லை. வேண்டாவுக்கும் பஸ் போய்விட்டது.

ஜெகதீசன் எப்போதும் நம்பரை அடித்துவிட்டு, போனைத் திருப்பிக் காட்டி, “பாத்துக்கோ, சரியா?” என்று கேட்டு, அவர்கள் தலையாட்டிய பிறகுதான் பட்டனைத் தொடுவான். அது ஏதோ பெரிய மனுஷத் தோரணை என்றே இத்தனை நாளும் பூங்கொடி நினைத்திருந்தாள். கஸ்டமர் கேரில் கூப்பிட்டுக் கேட்டால், போன ரீசார்ஜ் போனதுதான், தப்பான நம்பருக்குப் போனதைத் திருப்ப முடியாது என்றார்கள். வேண்டாவுக்கு மறுபடியும் போட்டுக்கொடுத்தாள். கையிலிருந்து போனது இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய். ஏழரை ஏழரையாகச் சேர்த்து அதை எடுக்க நாற்பது பேருக்குப் போட வேண்டும் என்று அவளுக்குள் கணக்கு ஓடியது.

விடக்கூடாது என்று அந்தத் தப்பான நம்பருக்கே போன் போட்டாள்.

“யாரு?” என்றது ஒரு கனத்த பெண் குரல்.

“எம்மா, நான் நெம்மேலியில கடை வெச்சினு கீறேன். ஒங்க நம்பருக்குத் தப்பா ரீசார்ஜு போட்டுட்டேன்…”

“நீதானா அது!” அந்தக் குரலில் ஒரே குதூகலம். “நான் படாளத்து முனியம்மா. எம் போனு கட்டாயி ரெண்டு மாசமாச்சுமா. எம் மவங்கிட்ட சொல்லி சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. காலையில திடீர்னு மெசேஜு! நல்லா இருப்ப தாயி.”

“அது நான் வேற ஒருத்தருக்குப் போட்டதுமா. காச அனுப்பிட்டீங்கன்னா…”

“நான் கேட்டேனா உன்ன? நீயாதான போட்ட?” என்றாள் முனியம்மா. பிறகு குரல் தணிந்தது. “சரி, இரு. இதுல எவ்ளோ நாழி பேசலாம்?”

“எவ்ளோ வேணாலும் பேசலாம். அன்லிமிடெட்டு.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. முனியம்மா தன் நெல் அறுப்பு, மருமகள் வைக்கிற குழம்பு, மாட்டுக்கு வந்த காய்ச்சல் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் ரீசார்ஜுக்கு வந்த இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள்.

பகலில் எல்லப்பன் வந்தார். உள்ளூர் விவசாயி. கரண்டு பில்லுக்கு அன்றுதான் கடைசி நாள். பணத்தை எண்ணிக் கொடுத்தார். பூங்கொடி இந்த முறை கனெக்‌ஷன் நம்பரை ஒன்றுக்கு இரண்டாகப் பார்த்து, பெயரும் தொகையும் வந்ததை அவரிடம் படித்தும் காட்டி, அப்புறம்தான் கட்டினாள். ‘பெண்டிங்’ என்று வந்தது. வாலட்டில் பணம் பிடித்தாயிற்று, பில் கட்டியதாகக் காட்டவில்லை.

“கொஞ்ச நேரத்துல ஆயிடும்ணா. ஆவலன்னா பணம் திரும்பிடும். நீங்க வூட்டுக்குப் போங்க, நான் சொல்லி அனுப்பறேன்.”

“ரசீது வராம நான் இன்னாத்துக்குப் போறேன்? ராத்திரி ஈ.பி.காரன் வந்து ஃபீஸப் புடுங்கினு போனா ஃபேன நீ சுத்துவியா?” என்றார் எல்லப்பன்.

வெயில் நேராக முகத்தில் அடித்தது. அவர் கடைக்குள்ளே போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்குச் செய்ய வேறு வேலை இல்லை. எதிரிலிருந்த அலமாரியை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார்.

“அது இன்னா, தட்டப்பயறா? புதுசா கீதே. கால் கிலோ போடு.”

போட்டாள்.

“நல்லெண்ணெ தீந்துபோச்சுன்னு வூட்டுல சொன்னா. ஒண்ணு எடு.”

எடுத்தாள். பில் பெண்டிங்கிலேயே இருந்தது. எல்லப்பன் கடுகு வாங்கினார், மிளகாய் வாங்கினார். ஒரு துடைப்பத்தைக் கையிலெடுத்து நாலு தடவை தரையில் பெருக்கிப் பார்த்து அதையும் வாங்கினார். ரசீது வந்தபோது அவர் கையில் ஒரு பை நிறையச் சாமான் இருந்தது. பத்து ரூபாய் சர்வீஸ் சார்ஜை மட்டும் முறைத்துக்கொண்டே கொடுத்தார்.

பூங்கொடி நாற்காலியில் உட்காராமல் கொஞ்ச நேரம் நின்றாள். காலையிலிருந்து அந்த மேஜைக்கு வந்த அத்தனை பேரும் ரோட்டில் நின்றபடியே காசைக் கொடுத்து, ரோட்டைப் பார்த்தபடியே மெசேஜுக்குக் காத்திருந்து, ரோட்டோடு போனார்கள். கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன் எதைப் பார்த்து வாங்குவான்? எல்லப்பன் ஒருவர்தான் உள்ளே வந்தார். வெயில்தான் அவரை உள்ளே தள்ளியது.

சாயங்காலம் ஜெகதீசன் வந்தான். டாக்டர் ஒன்றுமில்லை என்றார், நடக்கச் சொன்னார் என்றான். முகத்தில் வெற்றிக் களை. “எப்படி? மூலையோட அருமை தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. ரீசார்ஜு இருக்கட்டும்” என்றாள் பூங்கொடி.

ஜெகதீசனுக்கு நம்ப முடியவில்லை. “அப்ப ஃபிரிட்ஜு?”

“அதுவும் வரட்டும்.”

“எங்க வெப்ப? தலை மேலயா?”

“ஒன் மேஜ கீற எடத்துல. நீ உள்ள போ, பருப்பு அலமாரி பக்கத்துல.”

ஜெகதீசன் பருப்பு அலமாரியை எட்டிப் பார்த்தான். “உள்ளயா? நான் உள்ள போய் உக்காந்தா எவன் கண்ணுக்குத் தெரிவேன்?”

“ஒன்ன பாக்க எவன் வரான்? பேலன்ஸு போட வரான். போட்டே ஆவணும்னு வர்றவன் நாலு எட்டு உள்ள நடக்க மாட்டானா? கார்ல போறவன்தான் நடக்க மாட்டான். அவனுக்குக் கண்ணுல காட்டணும். ஒனக்கு ரெண்டு போனுதானய்யா கடை. அதுக்கு எதுக்கு மூணடி? அந்த மூணடி கமிஷனுக்கா ஒன் குஷனுக்கா?”

ஜெகதீசன் குஷனை ஒருமுறை தட்டிச் சரிசெய்தான். முதுகைப் பிடித்துக்கொண்டு பார்த்தான், அது எடுபடவில்லை. டாக்டரே நடக்கச் சொல்லியிருந்தார்.

இரண்டு நாள் அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மூன்றாம் நாள் ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. உள்ளே லைட் எரிந்தது. கண்ணாடி மேஜைக்கு அலமாரிப் பக்கம் இடம் போதவில்லை. முட்டை அட்டை வைக்கப் பின்கட்டுக்குப் போனது. பருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் முதுகு சாயாத மர ஸ்டூல் ஒன்று கிடைத்தது ஜெகதீசனுக்கு. வெளியே போர்டில் அம்புக்குறி ஒன்றைச் சேர்த்து வரைந்தாள் பூங்கொடி. அம்பு கொஞ்சம் கோணி மேலே போனதால், முதல் ஒரு வாரம் நாலைந்து பேர் மாடிப்படி தேடினார்கள்.

நடுவில் ஒருநாள் சத்தப் பெட்டி, “நூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது” என்று தானாக அறிவித்தது. கடையில் யாருமே இல்லை. அடுத்த நிமிஷம் முனியம்மா போனில் வந்தாள். “பேரனாண்ட சொல்லி அனுப்பியிருக்கேன். பாதிதான். பாதி உன் தப்பு, பாதி என் சந்தோசம்.” அந்தக் கணக்கை மறுத்துப் பேசப் பூங்கொடிக்கு வாய் வரவில்லை. பேசியிருந்தாலும் முனியம்மாவின் பேச்சு முடிந்த பிறகுதான் இடம் கிடைத்திருக்கும்.

ஃபிரிட்ஜும் சும்மா வந்துவிடவில்லை. அடுத்த கரண்டு பில்லில் மூவாயிரத்துக்குக் கிட்டே ஏறியிருந்தது. ஜெகதீசன் அதைத் தன் போனில் பார்த்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி படித்தான். ஆனால் சனி, ஞாயிறில் மகாபலிபுரம் போகிற கார்கள் கடை வாசலில் நின்றது நின்றதுதான். பில் போக, பிரவின்குமாருக்குக் கட்டியது போக, கையில் நின்றது ரீசார்ஜ் கமிஷனுக்குச் சற்று மேலே இருந்தது. ‘சற்று’ என்பதைப் பூங்கொடி அழுத்திச் சொல்வாள். ஜெகதீசன் அதே சொல்லை இழுத்துச் சொல்வான்.

அவள் எதிர்பார்த்தது உள்ளே நடந்தது. ரீசார்ஜுக்கு வந்தவர்கள் எல்லாரும் வாங்கவில்லை. மூன்றில் ஒருவர் வாங்கினார். அதுவே போதுமானதாக இருந்தது. அவள் எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. பருப்பு ஜெகதீசனின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மெசேஜுக்காக நின்றவர்கள் “அண்ணாத்த, அப்படியே அரைக் கிலோ துவரம்பருப்பு” என்றால், ஸ்டூலிலிருந்தபடியே அவனால் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஒருமுறை தராசில் நிறுத்தான். அப்புறம் நிறுத்துக்கொண்டே இருந்தான். எழுந்து எண்ணெய் எடுத்தான், குனிந்து புளி எடுத்தான். முதுகைப் பற்றி அவன் பேசி ரொம்ப நாளாகிவிட்டதைப் பூங்கொடி கவனித்தாள்.

தை மாசம் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து செய்தி வந்தது. பில் கட்டுவதற்கான கமிஷனைக் குறைக்கிறார்களாம், சில பில்லுக்கு எதுவுமே கிடையாதாம். ஜெகதீசன் கொதித்துப் போனான்.

“பேஜாரா கீதுமே. இவனுங்களுக்கு எதுக்கு நான் உக்காந்து கட்டணும்? நிறுத்திட்றேன். நாளையிலிருந்து கரண்டு பில்லு கெடையாது.”

“நிறுத்தாத. கமிஷன் வந்தா இன்னா, வராங்காட்டி இன்னா? ஆளு உள்ள வரான்ல” என்றாள் பூங்கொடி.

“இத்தனி நாளா நான் இன்னா சொன்னேன்? அதத்தான சொன்னேன்!”

“நீ ரோட்டுல உக்காந்துகினு சொன்ன” என்றாள் அவள். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவிடப் போனாள். உள்ளே எல்லப்பன் பில் அட்டையோடு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டிருந்தார். இந்த முறை பில் உடனே கட்டியாகிவிட்டது, ரசீதும் வந்துவிட்டது. இருந்தாலும் அவர் எழுந்திருக்கவில்லை. கொள்ளு என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜெகதீசன் தராசைப் பக்கத்தில் இழுத்தான்.